வாப்பும்மாவின் கடிதம் அரபிக்குப் போன வழி

எங்கள் உம்மும்மாவுக்கு ஜித்தாவில் மூன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மூத்தவள் பெண், அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள். மாமா அங்கேயே திருமணம் முடித்துத் தங்கிவிட்டார். மாமி அரபி. எனக்கு உம்மாவைப் பெற்ற உம்மும்மா, அவர்களுக்கு வாப்பாவைப் பெற்ற வாப்பும்மா. பிள்ளைகளுக்குத் தமிழில் "வாப்பும்மா", "சோறு", "வா" என்ற மூன்று சொற்கள் தெரியும். உம்மும்மா காயல்பட்டினத்திலிருந்து நோட்டுத் தாளில் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார். மாமா அதை வாசித்துவிட்டு, "வாப்பும்மா சுகமா இருக்காஹ, உங்களுக்கு ஸலாம் சொன்னாஹ" என்று பிள்ளைகளிடம் ஒரு வரியில் முடித்துவிடுவார். இது தெரிந்த பிறகுதான், ஆலிமா படிப்பில் கற்ற அரபியை வைத்து அந்தக் கடிதங்களை நானே மொழிபெயர்க்க ஆரம்பித்தேன்.

முதல் கடிதத்தில் நிறையத் தப்பு செய்தேன். இப்போது செய்கிற முறையைத்தான் கீழே எழுதுகிறேன். அரபு வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ள வரும் இடங்களில் சிலவற்றை ரமளான், ளுஹர் என்று நாம் எழுதுவதைப் போல வாசித்துக்கொள்ளுங்கள்.

## முதலில் எழுதியவரிடம் கேளுங்கள்

படம் எடுப்பதற்கு முன்னால் கடிதத்தை ஒருமுறை அவர் எதிரில் உட்கார்ந்து வாசியுங்கள். மாமாவுக்கு மட்டும் என்று நினைத்து எழுதிய வரிகள் அதில் இருக்கும். வீட்டுப் பத்திரம், கால்வலிக்குப் பார்த்த டாக்டர், மாமி மேல் ஒரு சின்ன மனத்தாங்கல். இதெல்லாம் அரபியாகி மாமியின் கைக்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "இது பிள்ளைகளுக்குப் போகலாமா?" என்று ஒவ்வொரு பத்தியாகக் கேட்டு, வேண்டாம் என்றதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் குறி ஒரு பிரதித் தாளில் இருக்கட்டும், கடிதத்தின் மேல் வேண்டாம்.

அதே உட்காரலில் அவரைக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி போனில் பதிவு செய்துவிடுங்கள். கையெழுத்து புரியாத இடங்களில் பின்னால் இந்தப் பதிவுதான் காப்பாற்றும். ஜித்தாவுக்கும் இதை அனுப்பலாம். பொருள் புரியாவிட்டாலும் குரல் புரியும்.

## படம் எடுப்பது

உம்மும்மா தாளின் இரண்டு பக்கமும் எழுதுவார், பேனாவை அழுத்தி எழுதுவார். படம் எடுத்தால் பின்பக்க எழுத்தும் நிழலாகத் தெரிந்து, எது இந்தப் பக்க வரி என்றே குழம்பிவிடும். இதற்கு ஒரு எளிய வழி, தாளுக்கு அடியில் கறுப்பு சார்ட் தாளை விரிப்பது. வெள்ளை மேசையில் வைத்தால் ஒளி பின்பக்கத்திலிருந்து திரும்பி வந்து மறுபக்க மையைக் காட்டும். கறுப்பு அந்த ஒளியை விழுங்கிவிடும். முதல் தடவை இதைப் பார்த்தபோது, இத்தனை நாள் இது தெரியாமல் போனதே என்றிருந்தது.

ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாத இடத்தில் தாளை வையுங்கள். பிளாஷ் வேண்டாம். பால்பாயிண்ட் மை பளபளத்து அந்த இடத்தில் எழுத்தே அழிந்தது போலாகிவிடும். தலைக்கு மேல் எரிகிற டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கையும் போனும் தாளின் மேல் நிழலாக விழும். போனைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோனால் ஓரத்து வரிகள் வளையும். கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் வரிகள் நேராக நிற்கும்.

ஒரு பக்கத்துக்கு மூன்று படம் எடுக்கிறேன். முழுப் பக்கம் ஒன்று, மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று. பாதிப் படங்களில் நடுவில் இரண்டு மூன்று வரிகள் இரண்டிலும் வரவேண்டும். அப்போதுதான் வரி விடுபட்டதா என்று சரிபார்க்க முடியும். மடிப்பு விழுந்த தாளை இரவு முழுக்கக் கனமான புத்தகத்துக்குள் வைத்து எடுத்தால் போதும். இஸ்திரிப் பெட்டிப் பக்கம் போகாதீர்கள்.

ஸ்கேன் செய்யும் ஆப்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவை படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி ஓரத்தை வெட்டிவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் முக்கியமான சங்கதியை எழுதுவதே ஓரத்தில்தான். இடம் முடிந்ததும் தாளைத் திருப்பி, விளிம்போரமாக மேல்நோக்கி எழுதிக்கொண்டே போவார்கள். மூத்த பேத்திக்கான ஒரு வரி அப்படி ஓரத்தில் இருந்தது. ஆப் அதை வெட்டியதை நான் மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன். அதனால் சாதாரண கேமராவில், தாளைச் சுற்றிக் கறுப்பு தெரியும்படி எடுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி எது, அழுக்கு எது என்று தெரியாது.

மை மங்கிய பழைய கடிதமாக இருந்தால், இருட்டறையில் டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் தாழப் பிடித்து ஒரு படம் எடுங்கள். பேனா அழுத்திய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும்.

## தமிழைத் தமிழிலேயே ஒருமுறை எழுதுவது

படத்தைப் பார்த்து நேராக அரபியில் எழுத ஆரம்பிக்காதீர்கள். முதலில் கடிதத்தைத் தமிழில் வரிக்கு வரி டைப் செய்யுங்கள். தாளில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே உங்கள் வரியும் முடியட்டும், ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். பிற்பாடு அரபுப் பக்கத்தையும் படத்தையும் பொருத்திக் காட்ட இந்த எண்தான் பிடி.

உம்மும்மா பள்ளிக்கூடம் போன காலத்து எழுத்து வேறு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு வந்தன. அதற்கு முன் படித்தவர்கள் லை, னை எழுதும்போது மேலே தும்பிக்கை போல ஒரு சுழி போடுவார்கள். பழக்கமில்லாத கண்ணுக்கு அது அடித்துத் திருத்தியது போலத் தெரியும். இதோடு புள்ளி வைக்காத வழக்கமும் சேர்ந்துகொள்ளும். ஏழாவது வரியில் உம்மும்மா எழுதியிருந்தது இப்படி: "உஙகள பாககாம கணணு பூததுப போசசு." வாய்விட்டு வாசித்தால் தானாகப் புள்ளி விழுந்துவிடும், கண்ணால் மட்டும் வாசித்தால் திணறுவோம்.

புள்ளி இல்லாததைவிடப் பெரிய ஆபத்து, கடைசி எழுத்து தெளிவில்லாமல் போவது. பன்னிரண்டாவது வரியில் "மருமக" வரை தெளிவு. அடுத்த எழுத்து ளவா, னவா? அடுத்து "சொன்னாஹ" என்று வருகிறது. எங்கள் ஊரில் ஆணானாலும் பெண்ணானாலும் மரியாதைக்கு "சொன்னாஹ"தான், அதனால் அதிலிருந்தும் பால் தெரியாது. அரபியில் இதை மழுப்ப முடியாது. மகனின் மனைவி என்றால் "கன்னா", மகளின் கணவர் என்றால் "ஸிஹ்ர்", வினைச்சொல்லும் அதற்கேற்ப மாறும். போதாததற்குத் தமிழில் மருமகள் என்றால் அண்ணன் மகளாகவும் இருக்கலாம். இப்படிச் சந்தேகம் வருகிற இடத்தில் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் போய்க் கேட்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓடிப்போய்க் கேட்டால், "என் எழுத்து அவ்வளவு மோசமா?" என்று கோபம் வந்துவிடும். என் மேலும் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

## அரபி போலத் தெரியும் நம் சொற்கள்

காயல், கீழக்கரை போன்ற ஊர்களின் கடிதம் என்றால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் பேச்சில் பாதிக்குப் பாதி அரபுச் சொல். அப்படியே எடுத்து வைத்தால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று தோன்றும். ஆனால் கடல் தாண்டி வந்த சொல் நம் வீட்டில் வேறு பொருள் பிடித்திருக்கும்.

உம்மும்மா எழுதியதைப் பாருங்கள்: "அவஹ மௌத்தானதுக்கு அப்புறம் அவஹ முசல்லாவிலதான் நான் தொழுவுறேன்." நமக்கு முசல்லா என்றால் தொழுகை விரிப்பு. அரபியில் முஸல்லா என்பது தொழும் இடம், ஒரு கூடமோ திடலோ. அப்படியே எழுதியிருந்தால், தாத்தா சொந்தமாக ஒரு தொழுகைக் கூடம் வைத்திருந்தார் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். விரிப்புக்கு அங்கே "ஸஜ்ஜாதா". அடுத்தது மௌத்து. நாம் "செத்துப்போனார்" என்று சொல்லக் கூசித்தான் மௌத்து என்கிறோம், நம் காதில் அது மெதுவான சொல். அரபியில் மவ்த் என்பது வெறும் சாவு. நாம் எதைத் தவிர்க்கப் பார்த்தோமோ அதையே போய்ச் சொன்னதாகிவிடும். "இன்தகல இலா ரஹ்மதில்லாஹ்", அதாவது அல்லாஹ்வின் ரஹ்மத்தின் பக்கம் போனார் என்று எழுதினேன். தாத்தா பெயர் வருகிற இடங்களில் "ரஹிமஹுல்லாஹ்" சேர்த்தேன். தமிழில் உம்மும்மா அதை எழுதவில்லை, ஆனால் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் சொல்வார். அது இல்லாமல் இறந்தவரைக் குறிப்பிட்டால் அரபுக் காதுக்கு மொட்டையாக இருக்கும்.

"சபுராளி" என்ற சொல்லில் அதிக நேரம் நின்றேன். "உங்க வாப்பா சபுர் போய் வருஷம் இருபத்தாறு ஆவுது. உங்க அப்பாவும் சபுராளிதான், கொழும்புல கடை வச்சிருந்தாஹ" என்று எழுதியிருந்தார். அப்பா என்று அவர் சொல்வது தாத்தாவை. ஸஃபர் என்றால் அரபியில் பயணம், முஸாஃபிர் என்றால் பயணி. இருபத்தாறு வருஷமாக யாராவது பயணத்தில் இருப்பார்களா? சபுராளி என்று நாம் சொல்வது ஊரையும் வீட்டையும் விட்டுப் பிழைக்கப் போனவரை. அதற்கு அரபியில் "முக்தரிப்" என்று இருக்கிறது. "குர்பா" என்ற சொல்லோடு ஒட்டியது. குர்பா என்றால் அந்நிய மண்ணில் இருப்பதும், அதனால் நெஞ்சில் வரும் தனிமையும் சேர்ந்தது. ஆக "முக்தரிப்" எழுதியதும் நம் சொல்லின் பாரம் அப்படியே இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், சபுராளியை அரபியாக்க அரபி போலத் தெரிந்த அரபியைத்தான் கைவிட வேண்டியிருந்தது.

கடிதத்தின் தலையில் 786 இருக்கும். பிஸ்மில்லாஹ் முழுவதன் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் வருவது அது. நம் பக்கத்து வழக்கம் இது, பெரும்பாலான அரபிகளுக்குத் தெரியாது. மாமி முதலில் அதை ஏதோ போன் எண்ணின் தொடக்கம் என்று நினைத்தாராம். அரபியில் பிஸ்மில்லாஹ்வையே முழுசாக எழுதிவிடுங்கள். அதேபோல் "ரபியுல் அவ்வல் பிறை 12" என்பதில் பிறையை மொழிபெயர்க்கக் கூடாது, மாதமும் தேதியும் போதும். அதை ஆங்கிலத் தேதியாக மாற்ற முயலாதீர்கள். அங்கேயும் இங்கேயும் பிறை கண்ட நாள் வேறாக இருக்கலாம்.

## உறுப்புகள் எங்கே ஒத்துப்போகின்றன

அன்பான மொழிபெயர்ப்பு என்றதும் பலர் வரிக்கு ஒரு "ஹபீபீ" போடுவார்கள். கடிதம் இனிக்காது, திகட்டும். அன்பு ஏற்கெனவே உம்மும்மாவின் வரிகளில் இருக்கிறது, பெரும்பாலும் ஏதாவது ஒரு உடல் உறுப்பில் உட்கார்ந்திருக்கிறது. கண், வயிறு, ஈரக்குலை. அந்த உறுப்பு அரபியிலும் அதே வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. செய்தால் அப்படியே வைக்கலாம், செய்யாவிட்டால் அங்கே எந்த உறுப்பு அந்த வேலையைச் செய்கிறது என்று தேட வேண்டும்.

"கண்ணு பூத்துப் போச்சு" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் பூ மலர்வதற்கான சொல்லைப் போட்டு, பின்னால் வெட்கப்பட்டேன். கண் மலர்ந்தது என்றால் அவர்களுக்கு மகிழ்ச்சி. பிறகு வழிபார்த்துக் கண் மங்கியது என்று விளக்கமாக எழுதினேன். பொருள் வந்தது, ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு போல இருந்தது. அப்புறம்தான் சூரத்து யூசுஃப் நினைவுக்கு வந்தது. மகனைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போயின என்று 84ஆம் வசனத்தில் வருகிறது, "வப்யள்ளத் ஐனாஹு". பிள்ளையைப் பார்க்காமல் கண் போவதற்கு அரபு வீட்டில் வளர்ந்த எவருக்கும் அந்தக் காட்சிதான் மனதில் வரும். "இப்யள்ளத் ஐனாய மின் தூலில் இன்திளார்" என்று எழுதினேன், நெடுநேரம் காத்திருந்து என் கண்கள் வெளுத்துவிட்டன என்று. இதை உம்மும்மாவிடம் சொன்னதும் "அல்லா, அது நபிமார் கண்ணாச்சே, என் கண்ணை அதோட வைக்கலாமா?" என்றார். அவர் சம்மதிக்காமல் நான் அதை வைத்திருக்க மாட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பிள்ளையைப் பிரிஞ்ச கண்ணு எல்லாம் ஒண்ணுதான், எழுது" என்று விட்டுவிட்டார்.

"கண் குளிர" என்பது இன்னும் நன்றாக வாய்த்தது. "ஹயாத்து இருந்தா ஒரு தடவை உங்களைக் கண் குளிரப் பாக்கணும்." வெயில் ஊர்க்காரர்களுக்குக் குளிர்ச்சிதான் இன்பம், தமிழுக்கும் அரபிக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை. "குர்ரத் ஐன்" என்றால் கண்குளிர்ச்சிதான். மூஸா நபியை அவர் தாயிடம் திருப்பிச் சேர்த்ததைச் சொல்லும் சூரத்துல் கஸஸ் 13ஆம் வசனத்தில் "கை தகர்ர ஐனுஹா" என்று இருக்கிறது, அவள் கண் குளிர வேண்டும் என்பதற்காக. அதையே தன்மைக்கு மாற்றி "கை தகர்ர ஐனீ பிகும்" என்று வைத்தேன். "ஹயாத்து இருந்தா" என்பதற்கு ஹயாத்தைத் தொடவே தேவையில்லை. "இன் கான ஃபில் உம்ரி பகிய்யா", வயதில் மிச்சம் இருந்தால் என்று அரபிகளே சொல்வார்கள்.

வயிறு மட்டும் ஒத்துவரவில்லை. பேத்தி அனுப்பிய போட்டோவைப் பார்த்து "பெத்த வயிறு குளிர்ந்திச்சு" என்று எழுதியிருந்தார். அரபியில் வயிறு குளிர்ந்தது என்றால் ஏதாவது கஷாயம் தேவைப்படும். அங்கே அந்த வேலையை நெஞ்சு செய்கிறது, "அஸ்லஜ ஸத்ரீ", என் நெஞ்சில் பனி பெய்தது. குளிர்ச்சி அப்படியே நின்றது, உறுப்பு மட்டும் ஒரு சாண் மேலே ஏறியது. ஆனால் "பெத்த" விடுபட்டுப்போகிறது. அதை ஈரலில் மீட்டேன். நாம் ஈரக்குலை துடிக்கிறது என்கிறோம், அவர்கள் பிள்ளையை "ஃபில்தது கபிதீ", என் ஈரலின் துண்டு என்கிறார்கள். "என் ஈரல் துண்டின் படத்தைப் பார்த்ததும் என் நெஞ்சில் பனி பெய்தது" என்று வரி முடிந்தது. வயிறு இல்லை, பெற்றது இருக்கிறது.

பிள்ளையை "என் வாப்பா", "என் உம்மா" என்று கூப்பிடுவதை மாற்ற வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். புரியாது என்று பயந்து முதலில் எடுத்துவிட்டேன். ஆனால் பல அரபு வீடுகளில் தாய் தன் பிள்ளையையே "யும்மா" என்றுதான் கூப்பிடுகிறாள். மாமியே அப்படித்தான் கூப்பிடுவார் என்று மாமா சொன்னார்.

## யாரிடம் பேசுகிறார் என்று ஒவ்வொரு வரியிலும்

தமிழில் "நீ" ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று. அரபியில் "அன்த" வேறு, "அன்தி" வேறு, வினையும் மாறும். அதனால் தமிழ்ப் பிரதியில் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் யாருக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். "நீங்க ரெண்டு பேரும் நல்லா ஓதணும்" என்று பையன்களுக்கு ஒரு வரி இருந்தது. ஏட்டு அரபியில் இருவருக்கு என்று தனி இருமை வடிவம் உண்டு. அதைப் போட்டால் இலக்கணம் சரி, ஆனால் பாட்டி பள்ளிக்கூட வாத்தியார் ஆகிவிடுவார். பேச்சில் அவர்கள் இருவருக்கும் பன்மையைத்தான் சொல்வார்கள். இருமையையும் தவிர்த்து, இலக்கணத்தையும் உடைக்காமல் இருக்க, அந்த வரியை மூன்று பேருக்குமாக மாற்றலாமா என்று உம்மும்மாவிடம் கேட்டேன். "அவளும் ஓதட்டுமே" என்றார்.

மொழி நடை பற்றியும் இதே கதைதான். முழு ஏட்டு அரபி வெள்ளிக்கிழமை பயான் போல இருக்கும். ஜித்தா பேச்சை நான் போலி செய்தால் இன்னும் மோசம். ஊர் வாசனை குறைந்த, எல்லோருக்கும் புரியும் நடைக்கு அரபிகள் "வெள்ளைப் பேச்சு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்று, குட்டி வாக்கியங்களாக, எளிய ஏட்டு அரபியில் எழுதுவதே பாதுகாப்பு. நம் கடித வழக்கிலுள்ள "நிற்க" என்பதற்கு அங்கே "வபஃது" கச்சிதமாகப் பொருந்தும்.

உறவுப் பெயர்களில் அரபி நம்மைப் போலவே கறார். சித்தப்பா, பெரியப்பா இருவரும் "அம்ம்", தாய்மாமன் "கால்". மூத்தவரா இளையவரா என்பது மட்டும் விடுபடும், தேவைப்பட்டால் "மூத்த" என்று சேர்க்கலாம். "வாப்பும்மா"வை நான் மொழிபெயர்க்கவில்லை. "ஜத்தா" என்பது தகப்பன் வழிப் பாட்டியா தாய் வழிப் பாட்டியா என்று சொல்லாது, இந்தப் பிள்ளைகளுக்கோ அந்தத் தமிழ்ச் சொல் தெரியும். அரபு எழுத்தில் நம் ப இல்லாததால் அது கொஞ்சம் மெலிந்து ஒலிக்கும். போனில் அவர்கள் கூப்பிடுவதே அப்படித்தான்.

வட்டலப்பத்தையும் பெயராகவே விட்டு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் அவித்த இனிப்பு என்று பக்கத்தில் நாலு சொல் போட்டேன்.

## பக்கத்தை அமைப்பது

ஒரு பக்கத்தில் கடிதத்தின் படம், எதிர்ப் பக்கத்தில் அரபி. வரி எண்களை இரண்டிலும் போடுங்கள், பிள்ளைகள் விரலை வைத்து எந்த வரி எது என்று தேடுவார்கள். டாக்குமெண்டில் பத்தியின் திசையை வலமிருந்து இடம் என்று மாற்ற வேண்டும். வலப்பக்கம் ஒதுக்குவது மட்டும் போதாது. அப்படி ஒதுக்கினால் முற்றுப்புள்ளி வரியின் தப்பான முனைக்குப் போய் நிற்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எழுத்துரு `Amiri` அல்லது `Noto Naskh Arabic`, அளவு 16க்குக் குறையாமல். வாட்ஸாப்பில் எழுதினால் ஒவ்வொரு பத்தியையும் அரபுச் சொல்லில் ஆரம்பியுங்கள். தமிழ்ச் சொல்லில் ஆரம்பித்தால் முழுப் பத்தியும் இடமிருந்து வலமாகிக் கலைந்துவிடும்.

கடிதத்தின் அடியில் உம்மும்மா ஒரு வரியை அர்வியில், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதியிருந்தார். அவர் காலத்துப் பெண்கள் பலர் தைக்காவில் ஓதும்போதே அதைக் கற்றார்கள். இந்த வரியை மட்டும் நான் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கித் தனியாக வைத்தேன். பொருளை அடியில் சிறியதாகப் போட்டேன். அந்தப் பிள்ளைகளால் பாட்டியின் கையெழுத்திலேயே எழுத்துக்கூட்டி வாசிக்க முடிகிற ஒரே தமிழ் வரி அது. ட, ண, ழ போன்றவற்றுக்கு அர்வியில் சேர்த்த புள்ளிகள் அவர்களுக்குத் தெரியாது என்பதால் அந்த எழுத்துகளுக்கு மட்டும் பக்கத்தில் குறிப்பு கொடுத்தேன்.

## அனுப்பும் முன் இரண்டு காதுகள்

முதல் காது, அரபி தாய்மொழியான ஒருவர். அவரிடம் "சரியா இருக்கா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குச் சரி என்றுவிடுவார். "இதை எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று தோன்றுகிறது?" என்று கேளுங்கள். என் முதல் கடிதத்துக்கு வந்த பதில், "நன்றாகப் படித்த ஒரு ஷைகா." ஐந்தாம் வகுப்பு வரை படித்த பாட்டி என்று தெரிய வேண்டிய இடத்தில் இப்படி வந்தால் வாக்கியங்களை இன்னும் உடைக்க வேண்டும். நான் உடைத்தேன்.

இரண்டாவது காது எழுதியவருடையது. அரபியை மறுபடி தமிழில் சொல்லிக் காட்டுங்கள், அவர் எழுதியதைப் பார்க்காமல். எங்கே முகம் மாறுகிறதோ அங்கே ஏதோ கூடியிருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது.

பதில் வரும்போது இதே வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும். மூத்தவள் அரபியில் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அதில் "தஸ்லமு யதுகி" என்று ஒரு வரி. அழகாக ஒன்றைச் செய்தவரிடம் சொல்வது, உன் கை நலமாக இருக்கட்டும் என்று. தமிழில் கை சுகமா என்றால் அடிபட்டதோ என்று தோன்றும். "அந்தக் கையைப் பிடிச்சு முத்தணும் போல இருக்கு" என்று உம்மும்மாவிடம் வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியேவா எழுதியிருக்கா?" என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.